செம்பருத்தி எண்ணெய்: காய்ச்சும் முன் காய வைப்பது

வீட்டில் காய்ச்சும் தலை எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போனால் பெரும்பாலும் பழியைத் தேங்காய் எண்ணெய் மேல் போடுகிறோம். நல்ல எண்ணெய் தனியாக இருந்தால் பல மாதம் அப்படியே இருக்கும். அதைக் கெடுப்பது பூவும் இலையும் தங்களோடு கொண்டுபோகிற தண்ணீர். சுத்தமான எண்ணெயில் கிருமி வளராது, பூஞ்சணம் பிடிக்காது. ஆனால் பாட்டில் அடியில் ரெண்டு சொட்டு ஈரம் நின்றால் போதும், அந்தச் சொட்டிலும் அதில் ஊறிக் கிடக்கும் இலைத் தூளிலும் எல்லாம் வளரும். எண்ணெயும் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல உடைந்து, முதலில் சோப்பு மாதிரி ஒரு வாடையும் பிறகு சிக்கு வாடையும் அடிக்க ஆரம்பிக்கும்.

சின்னம்மா வீட்டு எண்ணெய் இதற்கு நல்ல உதாரணம். பறித்த பூவையும் பச்சைக் கறிவேப்பிலையையும் ஊறவைத்த வெந்தயத்தையும் அரைத்து எண்ணெயில் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி வடித்து வைத்திருந்தார். ஊற்றிய அன்றைக்கு அருமையான மணம். சில வாரத்திலேயே அடியில் கலங்கலாக ஒரு படலமும் புளித்த நெடியும் வந்துவிட்டன. அரைத்துப் போட்டுக் காய்ச்சுவது தப்பான முறை இல்லை. சித்த வைத்தியத்தில் தைலம் அப்படித்தான் காய்ச்சுகிறார்கள். ஆனால் அங்கே சலசலப்பு முழுக்க அடங்கி, கசடை எடுத்துத் தேய்த்தால் மணல் மாதிரி உதிரும் பதம் வரைக்கும் விடாமல் கிண்டுவார்கள். அந்தச் சலசலப்பே தண்ணீர் வெளியேறும் சத்தம்தான். அது அடங்கும் முன் இறக்கினால் மிச்ச ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும். அடங்கும்வரை நின்றால், பதம் தெரியாத கைக்குக் கருகிவிடும். அதனால்தான் நான் ஈரத்தை அடுப்பில் விரட்டாமல், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே காற்றில் விரட்டிவிடுகிற முறைக்கு வந்தேன்.

காங்கேயம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பாதி தண்ணீர். அதைக் களத்தில் உலர்த்தி, ஈரம் ஆறு சதவீதத்துக்கு வந்தால்தான் கொப்பரை செக்கு ஏறும். களத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் ஒரு சில்லை உடைத்துக் காட்டிச் சொன்னார்: “மேல பாத்து ஏமாறக் கூடாதுங்க அம்மிணி. ஒடைச்சுப் பாக்கோணும். உள்ள வெள்ளையா, மெத்துன்னு இருந்தா அது இன்னும் காயலைங்க.” பூவுக்கும் இலைக்கும் அதே சட்டம்தான்.

செம்பருத்தியில் ஒற்றை அடுக்குச் சிவப்பு பூவைத்தான் எடுக்கிறேன். அடுக்குச் செம்பருத்தியும் ஆகும், ஆனால் இதழ் மேல் இதழாக இருப்பதால் காய்வது கஷ்டம். இது ஒரே நாள் பூ. காலையில் விரிந்து பொழுது சாய்வதற்குள் சுருங்கிவிடும். பனி ஈரம் போனபின், எட்டு ஒன்பது மணி வாக்கில் பறித்தால் பாதி வேலை குறையும். பறித்ததும் உதறி எறும்பை விரட்ட வேண்டும். காம்பிலும் பூவடியிலும் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தப் பூ வேண்டாம். பிறகு பச்சைப் புல்லியையும் நடுவில் நீளும் மகரந்தத் தண்டையும் கிள்ளி எடுத்துவிட்டு, ஐந்து இதழையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் முழுப் பூவாகக் காய வைப்பவர்கள்தான் அதிகம். இதழ் ரெண்டு நாளில் காகிதமாகிவிடும், ஆனால் புல்லிக்குள் இருக்கும் சூல்பை ஒரு வாரமானாலும் பச்சையாகவே இருக்கும். பூஞ்சணம் அங்கிருந்துதான் கிளம்பும்.

இன்னொரு சங்கதி இதழிலேயே இருக்கிறது. செம்பருத்தியில் கொழகொழப்பு அதிகம். வாடும்போது அது வெளியே வந்து இதழ்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஒட்டிய ரெண்டு இதழுக்கு நடுவே ஈரம் மாட்டிக்கொண்டால், மேலே எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் உள்ளே அது அப்படியே நிற்கும். அதனால் முதல் நாள் மட்டும் காலையும் மாலையும் கையால் பிரித்துப் புரட்டிவிட வேண்டும். மறுநாள் ஒட்டுகிற நிலை தாண்டிவிடும்.

ஒரு வீட்டுச் செடியில் நாளைக்கு ஐந்தாறு பூதான் கிடைக்கும். அரை லிட்டர் எண்ணெய்க்கு வேண்டிய பூவைச் சேர்க்கப் பல நாள் ஆகும். அங்கேதான் கவனம் வேண்டும்: நேற்றுக் காய்ந்த இதழ் மேல் இன்று பறித்ததைப் போடவே கூடாது. காய்ந்தது மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எது எத்தனை நாள் பழசு என்றும் தெரியாமல் போகும். ஒவ்வொரு நாள் பூவுக்கும் தனி இடம். முழுக்கக் காய்ந்தது மட்டும் கண்ணாடிப் புட்டிக்குள் போக வேண்டும்.

கறிவேப்பிலையை வீட்டு மரத்திலிருந்து எடுப்பதே நல்லது. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் இது தோட்டப் பயிர்; தோட்டப் பயிர் என்றால் பூச்சி மருந்தும் உண்டு. பல மருந்துகள் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. குழம்புக்குக் கழுவிப் போடுவதுபோல இல்லை இது. இலையில் இருப்பதை எண்ணெய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்து எடுக்கப்போகிறது. கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை அலசவும்.

இலையை ஈர்க்கோடு கழுவ வேண்டும். உருவிய பிறகு கழுவினால் ஒவ்வொரு இலையும் ஒன்றோடொன்று ஒட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சாயந்திரம் கழுவி, கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் விடிவதற்குள் மேல் ஈரம் வடிந்துவிடும். காலையில் உருவிப் பரப்பினால் போதும். நடு ஈர்க்கைச் சேர்க்க வேண்டாம். அதில் மணமும் இல்லை, காயவும் நாளாகும்.

காய வைக்கும் இடத்தில்தான் பலரும் வெயிலைத் தேடிப் போகிறார்கள். மொட்டை மாடி சிமெண்டுத் தரையில் எவர்சில்வர் தட்டு வைத்துப் போட்டால் மத்தியானத்துக்குள் இலை மஞ்சளாகி மணம் போய்விடும். மேலே வறுபட்டு, தட்டோடு ஒட்டிய அடிப்பக்கம் வியர்த்திருக்கும். வேண்டியது நிழலும் ஓடும் காற்றும். எங்கள் வீட்டில் கயிற்றுக் கட்டில்தான் இதற்கு. அதன்மேல் துவைத்து நன்றாகக் காய்ந்த பழைய வேட்டியை விரித்து, ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே கொசுவலையைப் போர்த்திவிடுவேன். கயிற்று இடைவெளி வழியாகக் கீழிருந்தும் காற்று வரும். தரையில் பரப்பினால் இது கிடைக்காது. செய்தித்தாளில் பரப்பாதீர்கள், மை ஒட்டும், தாளே ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

காலமும் முக்கியம். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை கொங்குப் பக்கத்துக் காற்று உலர்வாக இருக்கும்; இந்த வேலைக்கு அதுவே சரியான பருவம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நன்றாகவே உலர்த்தும், ஆனால் மண்ணை அள்ளிக்கொண்டு வரும். அப்போது வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே கட்டிலைப் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஆரம்பிக்கவே வேண்டாம். அந்த மாதங்களில் நிழலில் போட்ட இதழில் காய்வதற்குள் பூஞ்சணம் பூத்துவிடும். சாம்பலாகவோ வெள்ளையாகவோ புள்ளி தெரிந்தாலும், பழைய கோணிப்பை வாடை வந்தாலும் அந்தப் பரப்பை முழுக்கக் குப்பையில் கொட்டுங்கள். கெட்டதைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வதில் பயனில்லை, பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பரவியிருக்கும்.

காய்ந்ததா என்பதைக் கைபார்த்து முடிவு செய்வதோடு ரெண்டு சோதனை வைத்திருக்கிறேன். ஒன்று எடை. சமையலறைத் தராசில் காலையில் எடை போட்டு எழுதிவைத்து, மறுநாள் அதே நேரத்தில் மறுபடி போட வேண்டும். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ரெண்டு நாள் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. இந்தத் தடவை பச்சையாக 120 கிராம் இருந்த இதழ் 15 கிராமில் வந்து நின்றது. 100 கிராம் கறிவேப்பிலை 36 கிராமானது. பூவின் எடையில் எவ்வளவு பெரும்பங்கு வெறும் தண்ணீர் என்பது இதில் தெரிகிறது. உங்கள் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எடை நின்றதா என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது புட்டிச் சோதனை. காய்ந்துவிட்டதாக நினைப்பதை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் பாதி அளவுக்குப் போட்டு இறுக மூடி, ஒரு பகலும் இரவும் வைக்க வேண்டும். உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் அது ஆவியாகிக் கண்ணாடியில் பனித்திருக்கும். அல்லது நேற்று நொறுங்கிய இதழ் இன்று வளையும். இரண்டில் எது நடந்தாலும் மறுபடி கட்டிலுக்கே போக வேண்டும். சரியாகக் காய்ந்த கறிவேப்பிலை கையில் எடுத்தாலே அப்பளமாக நொறுங்கும். இதழ் கருஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒரு நிறத்துக்கு வந்து, அடிப்பாகம் உட்பட முறியும். அடிப்பாகம் தோல் மாதிரி வளைந்தால் இன்னும் ஒரு நாள்.

வெந்தயம் கடையிலிருந்து வரும்போதே உலர்ந்த பொருள். அதைக் காய வைப்பதைவிட நனைக்காமல் இருப்பதுதான் வேலை. ஊறவைத்தால் தன் எடையைவிட அதிகத் தண்ணீரைக் குடித்துக் கொழகொழவென்று பிடித்துக்கொள்ளும்; அதை எண்ணெயில் போட்டுப் போக்குவது பெரும்பாடு. கல் பொறுக்கி, முறத்தில் ஒரு மணி நேரம் இளவெயிலில் வைத்து, காய்ச்சும் அன்று உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். மிக்சியில் மாவாக்க வேண்டாம். மாவு துணியிலும் நிற்காது. பாட்டில் அடியில் சேறாகப் படிந்து ஈரத்துக்கு இடம் கொடுக்கும்.

எண்ணெய் அரை லிட்டர். செக்கில் ஆட்டி வந்ததை உடனே பயன்படுத்தாமல் சில நாள் அசையாமல் வைத்து, மண்டி படிந்த பின் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளவும். அதில் இதழ் முழுவதும், கறிவேப்பிலை முழுவதும், வெந்தயம் 20 கிராம். இலையையும் இதழையும் கையால் நொறுக்கிப் போட்டேன்.

இரும்புச் சட்டியில் காய்ச்சுவது நம் பக்கத்துப் பழக்கம். நான் எவர்சில்வருக்கு மாறிவிட்டேன். இரும்பும் செம்பும் துளி அளவு எண்ணெயில் கலந்தாலே அது சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். கறுத்து வரும் நிறத்தைப் பார்த்து மருந்து இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றை நன்றாகத் துடைத்து, வெயிலில் வைத்துச் சூடேற்றி எடுத்துக்கொண்டேன். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் போசியை இறக்கி, தண்ணீர் கொதிக்காமல் லேசாக ஆவி பறக்கும் அளவுக்குத் தீயைக் குறைத்து ரெண்டு மணி நேரம். எண்ணெய் எழுபது டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிப் பாத்திரத்து ஆவி எண்ணெய்க்குள் இறங்கினால் இத்தனை நாள் காய வைத்தது வீண். போசியின் விளிம்பு வெளித் தண்ணீரைவிட நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். மூடியும் போடக்கூடாது, மூடியில் வியர்த்த நீர் உள்ளே சொட்டும். உலர்ந்த துணியைப் போசியின் வாயில் கட்டினால் தூசியும் விழாது, ஆவியும் தங்காது.

பிறகு போசியை வெளியே எடுத்து, அடியைத் துடைத்து, நேரடியாகச் சிறு தீயில் சில நிமிடம் வைத்தேன். மிச்சமிருக்கும் ஈரம் இதில் போகும். இலையைச் சுற்றிச் சிறுசிறு குமிழி எழும். அவை ஓய்ந்ததும் இறக்கிவிட வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் 110 டிகிரிக்கு மேல் விட வேண்டாம். காய்ந்த பொருள் என்பதால் தெறிப்பு இருக்காது. ஆனாலும் போசி பாதிக்கு மேல் நிறைந்திருக்கக் கூடாது, குழந்தைகள் அடுப்படிக்கு வரக் கூடாது. இலை பழுப்பாகிக் கருகல் நெடி வந்தால் தாமதித்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஈரம் போனதா என்று பார்க்க அம்மாயி காலத்துச் சோதனை ஒன்று உண்டு. ஆறிய எண்ணெயில் ஒரு பஞ்சுத் திரியை நனைத்து, அடுப்பிலிருந்தும் எண்ணெய்ப் பாத்திரத்திலிருந்தும் தள்ளி, அகல் விளக்கில் வைத்து ஏற்ற வேண்டும். சத்தமில்லாமல் நின்று எரிந்தால் ஈரமில்லை. படபடவென்று பொரிந்தால் மறுபடி சிறு தீக்குப் போக வேண்டும். இதைவிட நம்பகமான சோதனையை வீட்டில் செய்ய முடியாது.

கைபொறுக்கும் சூட்டில் மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்தேன். தானாக வடிந்தது தனி, பிழிந்து எடுத்தது தனி. பிழிந்ததில் தூள் அதிகம் இருக்கும். அதை முதல் சில வாரத்திலேயே தேய்த்துத் தீர்த்துவிட வேண்டும். வடிந்ததை ஒரு நாள் நிற்கவைத்து, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலே மட்டும் சிறு பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பினேன். பெரிய பாட்டில் ஒன்றைத் திறந்து திறந்து மூடுவதைவிட இது நல்லது. பாட்டில் மரையிலும் மூடிக்குள்ளும் தண்ணீர் ஒளிந்திருக்கும். கழுவினால் ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வெயிலில் காய வைக்க வேண்டும்.

எண்ணெய் கரும்பச்சையாக வரும், சிவப்பாக வராது. செம்பருத்தியின் சிவப்பு தண்ணீரில் கரையும் நிறம், எண்ணெயில் இறங்காது. பச்சை முழுக்கக் கறிவேப்பிலையுடையது. கடையில் செம்பருத்தி எண்ணெய் என்று சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பு பூவிலிருந்து வந்திருக்காது. செம்பருத்தி, வெந்தயம் இரண்டின் கொழகொழப்பும் இப்படித்தான், தண்ணீருக்குரியது. முடிக்கு வழுவழுப்பு வேண்டுமென்றால் அவற்றை அரைத்துத் தலையில் பூசி அலசுவதே சரி. எண்ணெயில் அதை எதிர்பார்க்கக் கூடாது. இந்த எண்ணெயில் இறங்குவது கறிவேப்பிலையின் மணமும் பச்சையமும், வெந்தயத்தின் வாசனையும், கொழுப்பில் கரையும் கொஞ்சம் சத்தும். முடி உடையாமல் காப்பதில் பெரிய பங்கு தேங்காய் எண்ணெயினுடையது. அது முடித்தண்டுக்குள்ளேயே ஊடுருவும். வழுக்கையில் முடி முளைக்கும் என்று நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

பச்சையம் வெளிச்சம் பட்டால் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். அதனால் ஜன்னல் ஓரம் வைக்காமல், கறுத்த கண்ணாடி பாட்டிலில் அலமாரிக்குள் வைக்கவும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றுகிறார்கள். அது சிக்குப் பிடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், தண்ணீரில் வளரும் பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. குளித்துவிட்டு ஈரக்கையை பாட்டிலில் விடாமல், வேண்டியதைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சிய தேதியை எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள்; மூன்று மாதத்துக்குள் தீரும் அளவுக்கே காய்ச்சுங்கள்.

முதல் தடவை தேய்ப்பவர்கள் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தடவி ரெண்டு நாள் பார்க்கவும். நிலக்கடலையோ கொண்டைக்கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் வெந்தயத்தை விட்டுவிட்டுக் காய்ச்சலாம். தலையில் புண் இருந்தாலும், செதில் செதிலாகப் பொடுகு உதிர்ந்தாலும் இது வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறது, எண்ணெய் வைத்தால் அது கூடும்.

மார்கழிக் குளிரில் பாட்டிலுக்குள் கலங்கலாகத் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். இருபத்துநான்கு டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கவைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தெளிந்தால் குளிர்தான் காரணம். உருகிய பின்னும் கலங்கல் போகாமல், அடியில் உருண்டை உருண்டையாகச் சொட்டு தெரிந்தால் அது தண்ணீர். வாடை இன்னும் மாறாமல் இருந்தால் மேல் எண்ணெயை இறுத்து, சிறு தீயில் வைத்து, திரி ஏற்றிப் பார்த்து மீட்டுவிடலாம். வாடை மாறியிருந்தால் மீட்க வழியில்லை, கொட்டிவிட வேண்டியதுதான்.